தோராய அளவில் பில் போட்ட வேலைக்கு இறுதி பில்லில் எப்படிச் சரிக்கட்டுவது?

“பூச்சு வேலை பாதியில் இருக்கும்போதே தோராயமாக அளந்து இரண்டு பில் கொடுத்துவிட்டேன். முழுதும் அளந்து பார்த்தால் தொகை மாறும் போலிருக்கிறது. வித்தியாசத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது?”

நானும் பூச்சு வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். பகுதி பில்லை எப்போதும் வேலை தொடங்கிய நாளிலிருந்து அன்றுவரை நடந்த மொத்த அளவுக்கே போடுங்கள். அதிலிருந்து முந்தைய பில்களின் தொகையைக் கழித்து மீதியைக் கேளுங்கள். முதல் பில்லில் 200 சதுர அடி கூடியிருந்தால், அடுத்த பில்லில் மொத்தத்தைத் திரும்ப அளக்கும்போது அது தானாகவே சரியாகிவிடும். ‘இந்த மாதம் செய்தது’ என்று தனித்தனியாகப் போட்டவர்கள்தான் கடைசியில் எந்தச் சுவர் எந்த பில்லில் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இறுதி அளவில் தொகை கூடினால் சிக்கலே இல்லை. மீதிக்கு இறுதி பில் போட்டுவிடலாம். குறைந்தால்தான் கவனம் தேவை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாடி வீடு, சுவரின் இரு பக்கமும் பூச்சு, சதுர அடிக்கு 50 ரூபாய். முதல் பில் 4,000 சதுர அடிக்கு 2,00,000 ரூபாய். இரண்டாவது பில்லில் மொத்தம் 8,000 சதுர அடி, 4,00,000 ரூபாய்; முந்தையதைக் கழித்து 2,00,000 கேட்டேன். இரண்டிலும் கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிக்கவில்லை. கடைசியில் கழித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

இறுதியில் உரிமையாளரின் பொறியாளரும் நானும் நாடாவைப் பிடித்து ஒவ்வொரு சுவராக அளந்தோம். திறப்புகளோடு சேர்த்து 8,260 சதுர அடி வந்தது. நாலடிக்கு நாலடி ஜன்னல் 18, மூன்றடிக்கு ஏழடி கதவு 12. ஒரு பக்கத்துக்குக் கணக்கிட்டால் 288-உம் 252-உம் சேர்ந்து 540 சதுர அடி. பொறியாளர் இரு பக்கத்துக்கும் சேர்த்து 1,080 கழித்திருந்தார். இந்த ஒரு இடத்தில் மட்டும் 27,000 ரூபாய் வித்தியாசம்.

எங்கள் ஒப்பந்தத்தில் அளவு முறை ஐ.எஸ். 1200, அதாவது கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி, என்று எழுதியிருந்தது. அதன்படி, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும். எங்கள் ஜன்னலும் கதவும் இந்த வரம்புக்குள்தான் வந்தன. திறப்பின் உட்புற விளிம்புப் பூச்சைத் தனியாகக் கூட்டவும் கூடாது. காரணம் நியாயமானது. நாலடி ஜன்னலைச் சுற்றி 16 அடி. ஒன்பது அங்குலச் சுவரில் அந்த விளிம்பு மட்டுமே 12 சதுர அடி. கொத்தனார் மட்டம் பார்த்து முனை பிடித்துப் பூசிய அந்த உழைப்புக்குத்தான் கழிக்காமல் விடும் மறுபக்கம் ஈடு. இரு பக்கமும் கழித்துவிட்டு விளிம்பையும் விட்டுவிட்டால், அந்த வேலைக்குக் கூலியே இல்லாமல் போகிறது. விதியைக் காட்டியதும் அவர் ஏற்றுக்கொண்டார்.

ஆக நிகர அளவு 7,720 சதுர அடி, 3,86,000 ரூபாய். ஏற்கெனவே 4,00,000-க்கு பில் போட்டாயிற்று; 14,000 ரூபாய் கூடுதல். பழைய பில்களைத் திருத்தாதீர்கள். அவை வரி பில்களாகப் போய் ஜி.எஸ்.டி. கணக்கிலும் ஏறிவிட்டன. பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு, கூடுதலாகப் போட்ட தொகையைக் குறைப்பதாகச் சொல்லும் ஒரு கிரெடிட் நோட் கொடுங்கள். எனக்கு 14,000-உம் அதற்கு 18 சதவீத வரி 2,520-உம் சேர்த்து 16,520 ரூபாய்.

இதைக் கையிலிருந்து திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு பில்லிலும் 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாயை உரிமையாளர் நிறுத்திவைத்திருந்தார். அதில் 16,520-ஐக் கழித்தோம்; மீதி 3,480 ரூபாய் பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் வர வேண்டும். ஆனால் வரியை நான் முழு பில் தொகைக்கும் கட்டியிருந்தேன். நிறுத்திவைத்த பணம் கைக்கு வராவிட்டாலும் அதற்கும் வரி உண்டு.

கிரெடிட் நோட்டுக்குக் காலக்கெடு இருக்கிறது. பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தையதோ அதற்குள் கணக்கில் காட்ட வேண்டும். தவறினால் தொகையைக் குறைத்துக்கொடுக்கலாம். கட்டிய வரி திரும்பாது. மார்ச் மாதத்தில் போட்ட பகுதி பில்லின் இறுதி அளவு அடுத்த டிசம்பருக்குத் தள்ளிப்போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். ‘பகுதி பில் இறுதி பில்லுக்கான முன்பணம் மட்டுமே’ என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் அது இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால், கொடுத்த பில்லை ஒப்புக்கொண்ட அளவு என்று ஒரு தரப்பு வாதிட இடம் உண்டு.