மருந்துக்கடைப் பதிவேட்டில் மீதி எதற்கு?

கேள்வி: பாராசிட்டமால் கேட்டவுடன் கிடைக்கிறது, கடும் வலிக்குத் தரும் மார்ஃபினுக்கு மட்டும் மருந்துச்சீட்டும் பதிவேடும் ஏன்?

பாராசிட்டமாலை உறையில் அச்சிட்ட அளவுக்குள் பெரும்பாலோர் தாமாகவே உட்கொள்ளலாம். மார்ஃபினோ அளவு மிஞ்சினால் மூச்சையே அடக்கிவிடும், அடிமையாக்கவும் கூடும் என்பதால், மருத்துவரின் சீட்டு கேட்கப்படுவதோடு, சட்டம் தனிப் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் மருந்தாக ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வைக்கப்படுகிறது. வரவு, நோயாளி, சீட்டு எழுதியவர், கொடுத்த எண்ணிக்கை, மீதி ஆகியவை ஏட்டில் வரிவரியாக ஏறும்.

காலையில் 100 மாத்திரைகள் இருந்து, ஒருவருக்கு 20 கொடுத்தால் ஏட்டு மீதி 80. பெட்டியில் எண்ணும்போது 70 மட்டுமே இருந்தால், அவருக்கு 30 போய்விட்டதா, திருட்டா, எழுதத் தவறியதா என்று அன்றே தேடலாம். முதலில் அந்த நோயாளியை அழைப்பதே சரி என்பேன், ஏனெனில் ஆபத்து அவர் வீட்டில் இருக்கலாம். பிழையான வரியை அழிக்கக் கூடாது. அதைப் படிக்கும்படி விட்டு, அருகில் திருத்தி, தேதியுடன் கையொப்பமிட வேண்டும்.