குரலை உயர்த்தாமல் பாக்கி கேட்க மூன்று கடிதங்கள்

கேள்வி: நிறுவனங்களுக்கு விளம்பரக் கையேடுகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஒரு வேலையை முடித்து இன்வாய்ஸ் அனுப்பினேன். மே 10-க்குள் பணம் வர வேண்டும், வரவில்லை. மே 13 அன்று, "தொந்தரவுக்கு மன்னிக்கவும், நேரம் கிடைக்கும்போது இன்வாய்ஸைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று எழுதினேன். பதில் இல்லை. இன்று மே 24. மறுபடி எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. இரண்டாவது, கடைசி நினைவூட்டல்களில் தொனியை எவ்வளவு ஏற்றலாம்? அவர்களிடமிருந்து இன்னும் வேலை வர வாய்ப்பு இருக்கிறது.

பதில்: முதலில் உங்கள் மே 13 கடிதத்தைப் பார்ப்போம். அதில் நீங்கள் பணம் கேட்கவே இல்லை. "பார்த்துச் சொல்ல முடியுமா" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். படித்தவர் ஒருவேளை இன்வாய்ஸைத் திறந்து பார்த்திருக்கலாம், சரியாகத்தான் இருக்கிறது என்று மூடியும் வைத்திருக்கலாம். எந்த இன்வாய்ஸ், எவ்வளவு தொகை, கெடு எப்போது முடிந்தது என்று ஒன்றுமே இல்லை. போதாததற்கு மன்னிப்பு வேறு. செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் மன்னிக்க என்ன இருக்கிறது? "நேரம் கிடைக்கும்போது" என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு, அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று கோபப்படவும் முடியாது.

கெடு தாண்டிய முதல் சில நாட்களில் பணம் வராததற்குப் பெரும்பாலும் சப்பென்ற காரணங்கள்தான் இருக்கும். உங்களிடம் வேலை கொடுத்தவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் வேறொருவர். வேலை கொடுத்தவர் "சரி, கொடுக்கலாம்" என்று ஒப்புதல் தராமல் கணக்குப் பிரிவு இன்வாய்ஸைத் தொடாது. அந்த ஒப்புதல் அவருடைய மெயில் பெட்டியிலேயே கிடக்கலாம். சில இடங்களில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத இன்வாய்ஸை ஓரமாக வைத்துவிடுவார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். சில நிறுவனங்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே மொத்தமாகப் பணம் அனுப்பும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் முதல் கடிதம் "எங்கோ தவறிப்போயிருக்கும்" என்ற தொனியில் இருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல, நடந்திருப்பதும் அநேகமாக அதுதான். உங்கள் முதல் கடிதம் இப்படி இருந்திருக்கலாம்:

"வணக்கம். இன்வாய்ஸ் எண் 114-க்கான தொகை 48,000, மே 10 அன்று வந்திருக்க வேண்டியது. இதுவரை வரவில்லை. இன்வாய்ஸை மறுபடி இணைத்திருக்கிறேன். கணக்குப் பிரிவுக்கு இது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, எந்தத் தேதியில் பணம் வரும் என்று தெரிவியுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம்."

இதில் "நீங்கள் தரவில்லை" என்று எங்கும் இல்லை, "தொகை வரவில்லை" என்றுதான் இருக்கிறது. யார் மீதும் பழி விழவில்லை. ஆனால் எண், தொகை, தேதி மூன்றும் இருக்கின்றன, கடைசியில் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

நீங்கள் கேட்ட ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பலரும் தொனியை ஏற்றுவது என்றால் சொற்களில் சூட்டை ஏற்றுவது என்று நினைக்கிறார்கள். முதல் கடிதத்தில் கெஞ்சல், இரண்டாவதில் சலிப்பு, மூன்றாவதில் சாபம். அது வேலைக்கு ஆகாது. மூன்று கடிதங்களிலும் குரல் ஒரே அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எதிராளி நழுவக்கூடிய வழிகளை மட்டும் அடைத்துக்கொண்டே வாருங்கள்.

இன்று நீங்கள் எழுத வேண்டிய இரண்டாவது கடிதத்தில் "ஏற்கெனவே அனுப்பியிருந்தால்" என்ற வரி வரக் கூடாது. அதற்குப் பதில், எழுதுவதற்கு முன் உங்கள் வங்கிக் கணக்கை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வேறு பெயரில் வந்திருக்கலாம், வரிப் பிடித்தம் போகக் குறைந்த தொகையாக வந்திருக்கலாம். வந்த பணத்தைக் கேட்டுக் கடுமையாக எழுதிவிட்டால் அப்புறம் சமாளிப்பது கஷ்டம். பார்த்தாயிற்று, வரவில்லை என்றால், புது மெயிலாக அனுப்பாமல் மே 13 மெயிலுக்குக் கீழேயே தொடருங்கள். பழைய கடிதம் அடியில் தெரியும், "ஏற்கெனவே எழுதியும் பதில் இல்லை" என்று நீங்கள் குறைப்பட வேண்டிய தேவையே இருக்காது. கணக்குப் பிரிவின் முகவரி தெரிந்தால் அதையும் சேருங்கள். மேலதிகாரியை இப்போது இழுக்காதீர்கள், அது அடுத்த படிக்கு இருக்கட்டும்.

"வணக்கம். இன்வாய்ஸ் எண் 114 (தொகை 48,000) கெடு தாண்டி இன்றோடு 14 நாட்கள் ஆகின்றன. இந்த வேலையிலோ தொகையிலோ உங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இருந்தால் மே 29-க்குள் எழுதித் தெரிவியுங்கள், உடனே கவனிக்கிறேன். ஆட்சேபம் இல்லையென்றால், பணம் அனுப்பும் தேதியை அதே நாளுக்குள் உறுதி செய்யுங்கள்."

கவனித்தீர்களா, இங்கே "நீங்கள்" வந்துவிட்டது. முதல் கடிதத்தில் தொகை வரவில்லை. இதில் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. ஏற்றம் இவ்வளவுதான், இதுவே படிக்கிறவருக்கு உறைக்கும்.

அந்த ஆட்சேபக் கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மூன்று கடிதங்களிலும் உள்ள வரிகளில் அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் தாமதமாவதற்கு இன்னொரு காரணம், வேலையில் ஏதோ பிடிக்காமல் போய் அதைச் சொல்லத் தயங்கிச் சும்மா இருப்பது. கேட்டால் சொல்லிவிடுவார்கள், பேசித் தீர்த்துவிடலாம். இரண்டாவது வகை ஆட்களும் இருக்கிறார்கள். கடைசிக் கடிதம் போன பிறகுதான் "வேலை தரமாக இல்லை" என்று திடீரென்று கண்டுபிடிப்பார்கள். தேதி போட்டுக் கேட்டும் வாய் திறக்காமல் இருந்தவர் பிறகு அப்படிச் சொன்னால், அந்தப் பேச்சுக்குப் பெரிய எடை இருக்காது.

மே 29 வரை பதில் இல்லையென்றால் நேராகக் கடைசிக் கடிதத்துக்குத் தாவாமல், மறுநாள் ஒரு போன் செய்யுங்கள். வேலை கொடுத்தவரை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவில் பேசுங்கள். "114-ஆம் எண் இன்வாய்ஸ் உங்களிடம் இருக்கிறதா, ஒப்புதல் ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டால் போதும். "எங்களுக்கு வரவே இல்லையே" என்ற பதில் வந்தால் உங்கள் கோபம் அவ்வளவும் தப்பான ஆள் மேல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். பேசியதை அன்றே இரண்டு வரியில் மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

வாக்குறுதி வருமானால் தேதியாக வாங்குங்கள். "அடுத்த வாரம்" என்பது தேதி அல்ல. "சரி, ஜூன் 2 என்று குறித்துக்கொள்கிறேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். அந்த நாள் வரை சும்மா இருங்கள். அது தவறினால் இரண்டாவது கடிதத்தையே திரும்ப அனுப்பாமல் அடுத்த படிக்குப் போங்கள். ஒரே படியில் நின்றுகொண்டு நான்கைந்து நினைவூட்டல் அனுப்பினால், இவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார் என்பது அவர்களுக்குப் பழகிவிடும்.

கடைசிக் கடிதம், ஜூன் 3 என்று வைத்துக்கொள்வோம். இதைப் பணம் கொடுக்க அதிகாரம் உள்ளவருக்கு அனுப்புங்கள், வேலை கொடுத்தவருக்கும் நகல் போகட்டும். தலைப்பிலேயே "இறுதி நினைவூட்டல்" என்று இருக்கட்டும். அந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் செலவழிக்க முடியும். இரண்டாவது "இறுதி"யை யாரும் நம்ப மாட்டார்கள்.

"வணக்கம். இன்வாய்ஸ் எண் 114, தொகை 48,000, கெடு மே 10. மே 13 மற்றும் மே 24 அன்று எழுதினேன், மே 30 அன்று கணக்குப் பிரிவில் பேசினேன். வேலை குறித்து இதுவரை ஆட்சேபம் எதுவும் வரவில்லை. முழுத் தொகையும் ஜூன் 12-க்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஜூன் 13 முதல் உங்கள் வேலைகளை நிறுத்திவைத்து, இந்தப் பாக்கியை வசூலிக்கும் பொறுப்பை என் வழக்கறிஞரிடம் ஒப்படைப்பேன்."

இதில் கோபமான ஒரு சொல்லாவது இருக்கிறதா? "உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை", "நம்பிக்கையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு வழக்கறிஞரோ நடுவரோ படிக்க நேரலாம். அவருக்கு உங்கள் மனவருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்பதுதான் வேண்டும். முன்பின் தெரியாத அந்த ஆளை மனதில் வைத்து எழுதினால் தொனி தானாகவே சரியாக அமையும்.

நீங்கள் செய்யக்கூடியதை, உண்மையிலேயே செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். வழக்கறிஞரிடம் போகிற எண்ணம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு வேலை நிறுத்தத்தோடு முடித்துக்கொள்ளலாம். "கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்பது மிரட்டலாகவும் ஆகாது, தகவலாகவும் ஆகாது. தாமதக் கட்டணமோ வட்டியோ கேட்பதாக இருந்தால் அது ஒப்பந்தத்திலோ உங்கள் ஊர்ச் சட்டத்திலோ இருக்க வேண்டும். கோபத்தில் புதிதாகச் சேர்த்தால், மொத்தத் தொகையையும் தகராறு என்று சொல்லித் தள்ளிப்போட நீங்களே வழி கொடுத்ததாக ஆகிவிடும்.

சிலர் ஜூன் 11 அன்று பாதியை அனுப்பிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். "பகுதித் தொகை 24,000 வந்தது. மீதி 24,000-க்கும் அதே ஜூன் 12 கெடுதான்" என்று அன்றே எழுதிவிடுங்கள். மீதிக்குப் புதுக் கெடு தேவையென்றால் அவர்கள் வாய் திறந்து கேட்கட்டும்.

இன்னும் வேலை வருமா என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். மேலே உள்ள மூன்று கடிதங்களையும் படித்துவிட்டு உறவை முறித்துக்கொள்ள ஒரு நியாயமான வாடிக்கையாளருக்கு எதுவும் கிடைக்காது. சலிப்பும் குத்தலும் கலந்த கடிதம்தான் உறவைக் கெடுக்கும். பணம் வந்ததும் "தொகை கிடைத்தது, நன்றி" என்று ஒரு வரி போதும், பழைய கதையைக் கிளற வேண்டாம். அடுத்த வேலை வரும்போது பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை வேலை தொடங்கும் முன்பே வாங்கி இன்வாய்ஸில் போடுங்கள், கணக்குப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.