கீழடிச் சுற்றுலாவுக்கான விண்ணப்பம்

“ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 45 பேரைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லக் கேட்டேன். செலவு விவரம் இல்லையென்று முதல்வர் திருப்பிவிட்டார்.”

வணக்கம். அனுமதியையும் நிதியையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். ஆனால் பள்ளி தர வேண்டிய தொகையைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். பேருந்து வாடகை 14,000 ரூபாய், மூன்று ஆசிரியர்கள் உட்பட 48 பேருக்கு உணவு 4,800, நுழைவுக்கட்டணமும் முதலுதவியும் 1,200 எனில் மொத்தம் 20,000. மாணவருக்கு 200 வீதம் 9,000 திரட்டினால், பள்ளியிடம் கேட்பது 11,000 மட்டுமே. வாடகைக்கு எழுத்துமூல விலைப்புள்ளியை இணைப்பது மிக அவசியம். ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டுக் குறிப்பிடுங்கள், ஏனெனில் பிற்பாடு பற்றாக்குறை வருவது பெரும்பாலும் அங்கேதான். அருங்காட்சியகத்தின் வார விடுமுறையை விசாரித்தபின் தேதியைக் குறியுங்கள். பணம் கட்ட இயலாத மாணவர்களின் பங்கையும் பள்ளி ஏற்குமாறு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது.