சம்பளச் சீட்டை வைத்து வீட்டுக் கடன் கணக்குப் போடுவது எப்படி?

கேள்வி: "பினாங்கில் வேலை செய்கிறேன். கார், படிப்புக் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கடன் கிடைக்குமா என்று வங்கிக்குப் போவதற்கு முன்னால் நானே பார்த்துக்கொள்ள முடியுமா?"

முடியும். வங்கிக்காரர்கள் இதை டி.எஸ்.ஆர். என்பார்கள். மாதத் தவணைகள் எல்லாவற்றையும் கூட்டி நிகரச் சம்பளத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'நிகரச் சம்பளம்' என்று நாம் நினைப்பது ஒன்று, வங்கி எடுத்துக்கொள்வது வேறு. நான் அங்கேதான் வழுக்கி விழுந்தேன். என் கணக்கையே சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 4,200 ரிங்கிட், நிலையான அலவன்ஸ் 300, அந்த மாத ஓவர்டைம் 780. பிடித்தங்களில் இ.பி.எஃப். 495 (ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். பிடிக்க மாட்டார்கள்), சொக்சோவும் இ.ஐ.எஸ்ஸும் சேர்த்து 37, வரி 128, கோப்பராசி கடனுக்கு 200. கைக்கு வந்தது 4,420.

பார்த்த வீடு 380,000. அதில் 90 விழுக்காடு கடன் என்றால் 342,000. 35 வருடம், 4.2 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதம் 1,556. கார் 680, பி.டி.பி.டி.என். 150. மொத்தம் 2,386. அதை 4,420-ஆல் வகுத்தால் 54 விழுக்காடு. என் வருமானத்துக்கு 60 வரை விடுவார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார், அதனால் நிம்மதியாக விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள்.

வங்கி போட்ட கணக்கு வேறு. ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் ஆறு மாதச் சராசரியை எடுத்தார்கள். எனக்கு அது 500. அதிலும் பாதியைத்தான் வருமானமாக ஏற்றார்கள். ஆக 4,750. அதிலிருந்து இ.பி.எஃப்., சொக்சோ, வரி என்று சுமார் 640 போக 4,110. கோப்பராசியை இங்கே கழிக்கக் கூடாது. அது கடன், தவணைப் பக்கம் போக வேண்டும். இரண்டு இடத்திலும் போட்டால் உங்களை நீங்களே ஏழையாக்கிக்கொள்வீர்கள்.

தவணைப் பக்கம் நான் விட்டது கார்டு. பாக்கி 6,000 இருந்தது. வங்கி பாக்கியில் 5 விழுக்காட்டை, அதாவது 300-ஐ, மாதத் தவணையாக எடுத்துக்கொண்டது. மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கும் நம் கடன்களைப் பட்டியலிடும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் அந்த நேரத்துப் பாக்கி தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஆக 680, 150, 300, 200 சேர்ந்து 1,330. வீட்டுத் தவணையும் சேர்த்தால் 2,886. 4,110-ஆல் வகுத்தால் 70 விழுக்காடு!

இந்த வரம்பு வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு ஏற்ப மாறும். 60 என்று வைத்துத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 4,110-இல் 60 விழுக்காடு 2,466. அதில் 1,330 போனால் வீட்டுக்கு மிச்சம் 1,136. இதற்கு எவ்வளவு கடன் வரும் என்று எக்செல்லில் பார்க்கலாம்:

```
=PV(4.2%/12, 420, -1136)
```

சுமார் 250,000. அதாவது எனக்கு 92,000 குறைந்தது.

இந்தச் சூத்திரத்தில் 1136-க்குப் பதில் 100 போட்டால் சுமார் 22,000 வரும். மாதத் தவணையில் 100 ரிங்கிட் குறைந்தால் வீட்டுக் கடன் 22,000 கூடும் என்று அர்த்தம். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. எந்தக் கடனை அடைத்தால் குறைந்த காசில் அதிகத் தவணை விழும் என்று பார்த்தேன். காரில் 38,000 பாக்கி, அடைத்தால் 680 விழும். அதற்கு வழியே இல்லை. கார்டில் 6,000 போட்டால் 300 விழும். கோப்பராசியில் இன்னும் ஏழு மாதம்தான், 1,400 கட்டினால் 200 விழுந்துவிடும்.

போனஸில் இரண்டையும் அடைத்தேன். 7,400 ரிங்கிட்டுக்கு 500 தவணை குறைந்தது. புதுக் கணக்கு: 2,386-ஐ 4,110-ஆல் வகுத்தால் 58 விழுக்காடு. (முதலில் நான் தப்பாகப் போட்ட அதே 2,386!) அடைத்த மறுநாளே ஓடிப்போய் விண்ணப்பிக்காதீர்கள். சிசிரிஸில் பாக்கி மாற அடுத்த மாதம் ஆகும். இ-சிசிரிஸில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அங்கே இருக்கும், ஒரு கண் வையுங்கள்.

என் கோப்பராசிக் கடன் சிசிரிஸில் இல்லை, சம்பளச் சீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அதனால் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கி, அந்தப் பிடித்தம் இல்லாத புதுச் சீட்டு வரும்வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது வங்கியில் கிடைத்தது.