கூட்டலில் எட்டுப் புள்ளி விடுபட்டால் டீச்சருக்கு எப்படி எழுதுவது?

"நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், தரம் 10. இரண்டாம் தவணைக் கணித விடைத்தாளில் புள்ளியைக் கூட்டியது பிழை. 71 போட்டிருக்கிறது, நான் கூட்டினால் 75 வருகிறது. டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாமா? கோபிப்பாவோ?"

எழுதலாம். அதற்கு முன், சாதாரண தரப் பரீட்சையின் அமைப்பிலேயே உங்கள் வினாத்தாளும் வந்திருந்தால், ஒன்றைப் பாருங்கள். இரண்டாம் வினாத்தாளில் பகுதி A-யில் ஐந்து, பகுதி B-யில் ஐந்து என்று பத்து வினாக்களுக்குத்தான் புள்ளி. ஒரு பகுதியில் ஆறு வினாவும் செய்திருந்தால் ஆறாவதைக் கூட்டமாட்டார்கள். "டீச்சர் விட்டுவிட்டார்" என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் இந்த ஆறாவதையும் சேர்த்தே கூட்டியிருந்தார்கள்.

பத்துத்தான் என்றால், ஒவ்வொரு வினாவின் புள்ளியையும் வேறொரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். விடைத்தாளில் பேனா படவே கூடாது. பட்டால் யார் எழுதியது என்ற சந்தேகம் வரும். உதாரணமாக, பகுதி A-யில் 8, 7, 9, 6, 8, மொத்தம் 38. பகுதி B-யில் 7, 9, 8, 6, 8, அதுவும் 38. ஆகவே 76. ஆனால் முன்பக்கத்தில் 68 என்று இருக்கிறது. குறைகிற எட்டு எந்த வினாவுடையது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசித் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். நானும் ஒருமுறை அப்படி ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு வினாத்தாளையும் கூட்டி இரண்டால் வகுப்பதால், இந்த எட்டு இறுதியில் நான்காகிவிடும். முதல் வினாத்தாளில் 74 என்றால், 74உம் 68உம் சேர்ந்து 71, அதாவது B. 76 என்றால் 75, அதாவது A. செய்தியில் 71, 75 என்று மட்டும் எழுதினால் டீச்சருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. வினா இலக்கத்தை எழுதுங்கள்:

"வணக்கம் டீச்சர். நான் 10 B, (பெயர்). இரண்டாம் தவணைக் கணிதம், இரண்டாம் வினாத்தாளில் 11ஆம் வினாவுக்கு நீங்கள் தந்த 8 புள்ளி கடைசித் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது முன்பக்க மொத்தத்தில் சேரவில்லைபோலத் தெரிகிறது. என் கூட்டலில் 76 வருகிறது, தாளில் 68 இருக்கிறது. நாளைக்கு விடைத்தாளைக் கொண்டு வருகிறேன், நேரம் இருக்கும்போது ஒருக்கா பார்ப்பீர்களா டீச்சர்?"

அந்தப் பக்கத்தையும் முன்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். "நாலாம் வினாவுக்கும் இன்னும் இரண்டு தரலாமே" என்று இதோடு சேர்க்க வேண்டாம். கூட்டல் பிழையை உடனே திருத்துவார்கள், மதிப்பீடு வேறு கதை. அதைச் சேர்த்தால் கூட்டலும் பேரம்போலத் தெரியும்.

தேர்ச்சி அறிக்கை எழுதுவதற்கு முன் அனுப்பிவிடுங்கள். எழுதிய பிறகென்றால் வகுப்பாசிரியரின் புள்ளிப் பட்டியலையும் வகுப்பு நிலையையும் திருத்த வேண்டிவரும். கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள்: வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கோபிப்பா. தனியாக அனுப்பினால் தாளைப் புரட்டிப் பார்ப்பா.