ரயில் எப்படிம்மா காத்திருக்கப்படும்?

வணக்கம் சார். ஒரு இங்கிலீஷ் நாவல மொழிபெயர்த்துட்டிருக்கேன். சில வாக்கியம் அரைப் பக்கம் ஓடுது. உடைச்சா ஆசிரியர் நடைக்கு துரோகமோன்னு இருக்கு, உடைக்காட்டி படிக்க முடியல. எத்தன வார்த்தைக்கு மேல போனா உடைக்கலாம்? ஒண்ணு அனுப்பறேன், மூலத்துல ரத்தான சேதி கடைசில வருது: 'பேரனால் ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்டிருந்த கிழவிக்கு, காலையிலிருந்து அவளால் காத்திருக்கப்பட்ட ரயில் ரத்து செய்யப்பட்டுவிட்டதாக, தலை நிமிராத குமாஸ்தாவால் தெரிவிக்கப்பட்டது.'
கே., தேனி

அன்புள்ள கே.,

துரோகம் கிரோகம்லாம் பெரிய வார்த்தை, விட்ருங்க. கண்ண குத்தினது அந்த நாலு 'பட்ட'தான். ரயில் எப்படிம்மா காத்திருக்கப்படும்? காத்திருக்கறதுக்கு செயப்படுபொருளே கிடையாது, செயப்பாட்டுவினை எங்கேர்ந்து வரும்? ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டீங்க. கோவிச்சுக்காதீங்க, என் முதல் புத்தகம் பூரா இதே கூத்துதான்.

இங்கிலீஷ்ல வார்த்தைய இடம் மாத்தினா யாரு யார என்ன பண்ணாங்கறதே தலைகீழாயிடும், அதனால கிழவிய முன்னாடி நிறுத்தணும்னா அவங்களுக்கு பாசிவ் வேணும். நமக்குத்தான் 'ஐ' இருக்கே. 'கிழவியை பேரன் கூட்டிட்டு வந்தான்', கிழவியும் முன்னாடி நிக்கறா, வேலையும் முடிஞ்சுது. செஞ்சது யாருன்னு தெரியலையா, 'ரயில கேன்சல் பண்ணிட்டாங்க'. அந்த 'ஆங்க'ளும் வேணாமா, 'போர்டுல எழுதியிருக்கு'. யாரு எழுதினான்னு எவனும் கேக்கறதில்ல.

வார்த்தைய எண்ணாதீங்க, ஆள எண்ணுங்க. ஒரே ஆள் அடுத்தடுத்து செய்றார்னா 'வந்து உக்காந்து பைய மடில வச்சுக்கிட்டு'ன்னு வினையெச்சத்துலயே எவ்ளோ தூரம் வேணா ஓட்டலாம், மூச்சு முட்டாது. ஆள் மாறற இடத்துல வெட்டுங்க. இதுல பேரன், கிழவி, ரயில், குமாஸ்தான்னு நாலு பேரு ஒரே வண்டில தொங்கறாங்க. அதவிட மோசம், நீங்க ஒரு 'ஆக' போட்டு ரத்தான சேதிய குமாஸ்தாவுக்கு முன்னாடி இழுத்துட்டீங்க. அடி அங்கயே விழுந்துடுச்சு, அப்புறம் அந்தாளு நிமிர்ந்தா என்ன நிமிராட்டி என்ன. இப்படி வச்சுப் பாருங்க:

'கிழவியைப் பேரன்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருந்தான். காலையிலிருந்து ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குக் குமாஸ்தா தலை நிமிரவில்லை. வண்டி ரத்து என்றார்.'

அதுக்காக எல்லாத்தையும் இப்படி நறுக்கி தந்தியாக்கிடாதீங்க.

அப்பா போனப்புறம் அம்மா பென்ஷனுக்கு மனு போட்டாங்க. ஒரு ஆபீஸ்லேர்ந்து 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது'ன்னு ஒத்த வரி. கண்ணாடிய தொடைச்சு தொடைச்சு படிச்சுட்டு 'யாருடா நிராகரிச்சது?'ன்னாங்க. காயிதத்த திருப்பியெல்லாம் பாத்தேன், ஆளே இல்ல. அப்படி ஆள் ஒளிஞ்சுக்கற கடுதாசி உங்க நாவல்ல வந்தா மட்டும் அந்த 'பட்டது'ல கை வச்சிடாதீங்க.