டைப் அடித்துக்கொண்டே இருந்தாலும் செஷன் ஏன் போகிறது?

"ஜவுளிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சேலை, வேட்டி விவரங்களை அவர்களுடைய வெப்சைட்டில் ஏற்றுகிறேன். என்ட்ரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொன்றிலும் நாற்பது கட்டம், முடிக்க அரை மணி நேரம் ஆகும். போன வாரம் மட்டும் மூன்று முறை, கடைசியில் சேமிக்கப் போனதும் லாகின் பக்கம் வந்து எல்லாம் போய்விட்டது. ஆனால் மேலே 'Saved' என்று காட்டிக்கொண்டுதான் இருந்தது. செஷன் போகாமல் இருக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, 1,500 ரூபாய் என்கிறார் வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட். வாங்கலாமா?" (வாசகி, ஈரோடு)

வாங்க வேண்டாம். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் கட்டங்களில் எழுதுவது உங்கள் கம்ப்யூட்டரிலேயேதான் இருக்கிறது. சேமிக்கும்வரை சர்வருக்கு, அதாவது அந்த வெப்சைட் ஓடும் கம்ப்யூட்டருக்கு, அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பக்கத்தைத் திறந்தபோது ஒரு முறை அதனிடம் போனீர்கள், சேமிக்கும்போது இன்னொரு முறை போவீர்கள். நடுவில் நீங்கள் கை வலிக்க அடித்தாலும், அடுப்பில் குழம்பைப் பார்க்கப் போனாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. காலை 10 மணிக்குப் பக்கத்தைத் திறக்கிறீர்கள், 10.28க்குச் சேமிக்கிறீர்கள் என்று வையுங்கள். சர்வரின் கணக்கில் நீங்கள் 28 நிமிடம் சும்மா இருந்தவர். சும்மா இருப்பவரின் செஷனை, அதாவது லாகின் செய்து உள்ளே இருக்கும் நிலையை, ஒரு கெடு தாண்டியதும் அது முடித்துவிடும். இந்த மாதிரி தளங்களில் பலவற்றுக்குப் பழக்கமான கெடு 20, 24 அல்லது 30 நிமிடம். இவை யாரோ யோசித்து வைத்த எண்கள் அல்ல. தளத்தைக் கட்டும் மென்பொருளோடு பெட்டியிலிருந்தே வருபவை, மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. நாற்பது கட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரை உட்காரவைத்துப் பார்த்திருந்தாலே போதும், இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

அப்படியானால் 'Saved' என்று காட்டியது? அதில்தான் உங்கள் கூலி போயிருக்கிறது. ஆட்டோசேவ், அதாவது தளம் தானாகவே சேமிப்பது, இரண்டு இடங்களில் நடக்கலாம். ஒன்று, உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஒரு மூலையில். அதே கம்ப்யூட்டரில், அதே பிரவுசரில் மறுபடி திறந்தால்தான் கிடைக்கும், இன்காக்னிட்டோ ஜன்னலில் வேலை செய்தால் மூடியதும் போய்விடும். இன்னொன்று, சர்வரில் வரைவாக. இதுதான் உருப்படி. ஆனால் செஷன் முடிந்துவிட்டால் சர்வர் அந்த வரைவை வாங்காமல் லாகின் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். அவசரமாக எழுதப்பட்ட ஆட்டோசேவ், ஏதோ பதில் வந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு 'Saved' என்று எழுதிவிடும். என்ன பதில் வந்தது என்று படிப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் நானே இப்படி ஒரு படிவம் எழுதி, ஒரு அலுவலகத்தின் ஒரு நாள் வேலையைத் தொலைத்திருக்கிறேன்.

உங்களுடையது எந்த ரகம் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். புதிய என்ட்ரி ஒன்றில் மூன்று கட்டம் மட்டும் நிரப்பி, 'Saved' வரும்வரை பொறுங்கள். பிறகு வேறொரு பிரவுசரில், அல்லது போனில், அதே ஐடியால் உள்ளே போய்ப் பாருங்கள். அந்த அரைகுறை என்ட்ரி அங்கே தெரிந்தால் வரைவு சர்வரில் இருக்கிறது. தெரியாவிட்டால் உங்கள் பிரவுசரில்தான், அல்லது எங்குமே இல்லை. அடுத்து, முதல் பிரவுசரிலேயே இன்னொரு டேபில் தளத்தைத் திறந்து லாக்அவுட் செய்யுங்கள். பழைய டேபுக்கு வந்து நாலாவது கட்டத்தை நிரப்புங்கள். அப்போதும் 'Saved' என்று வந்தால், அந்தச் சொல்லை இனி நம்ப வேண்டாம்.

'Save Draft' மாதிரி ஒரு பட்டன் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை அழுத்துங்கள். அழுத்தும்போதே சர்வரின் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பும். பட்டன் இல்லையென்றால் நீளமான விவரக் கட்டங்களை எல்லாம் முதலில் நோட்பேடில் எழுதி, கடைசி ஐந்து நிமிடத்தில் படிவத்தைத் திறந்து ஒட்டுங்கள். சலிப்பான வழிதான், ஆனால் தோற்றதில்லை.

நேரமாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் சேமிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். பலர் Ctrl+A, Ctrl+C அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கட்டத்துக்கு வெளியே வைத்து அழுத்தினால் தலைப்புகள்தான் வரும், நீங்கள் எழுதியது வராது. Ctrl+P அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், நிரப்பியது அதில் தெரியும். பெரிய கட்டங்களில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே வரும் என்பதால் அவற்றைத் தனித்தனியாக நகலெடுங்கள். அதன் பிறகு புதிய டேபில் லாகின் செய்து, பழைய டேபுக்குத் திரும்பிச் சேமியுங்கள். பல தளங்களில் இது வேலை செய்யும்.

சில தளங்களில் செய்யாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொல்லையின் இன்னொரு வேர் இங்கே இருக்கலாம். பக்கத்தைத் திறக்கும்போதே சர்வர் அதற்குள் ஒரு ரகசியச் சீட்டை வைத்து அனுப்பும். சேமிக்கும்போது அந்தச் சீட்டும் திரும்பி வர வேண்டும். புதிய லாகினுக்குப் புதிய சீட்டு, பழைய பக்கத்திலோ பழைய சீட்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிராகரித்துவிடும். அப்போது பிடிஎஃபைப் பார்த்து மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகை, ஒரு ஐடிக்கு ஒரு லாகின்தான் என்று வைத்திருக்கும் தளம். இரண்டாவது ஆள் நுழைந்ததும் முதல் ஆள் வெளியே. (மேலே சொன்ன போன் சோதனையில் நீங்களே வெளியே தள்ளப்பட்டால் உங்களுடையது இந்த வகை.)

இப்போது ஏஜென்ட் விஷயம். உங்கள் ஐடியை உருவாக்கித் தந்தது அவர் என்றால், அதே ஐடியை இன்னொருவருக்கும் கொடுத்திருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. எப்போதும் 20, 30 நிமிடம் என்று ஒரே இடைவெளியில் வெட்டினால் அது கடிகாரம். ஐந்து நிமிடத்தில் ஒரு நாள், நாற்பது நிமிடத்தில் ஒரு நாள் என்று கண்டபடி வெட்டினால், வேறு யாரோ அதே ஐடியில் நுழைந்துகொண்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏஜென்ட்டிடம் சொல்லாமல். மறுநாளே போன் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அவர் விற்கும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பக்கத்தைத் தானாக ரிஃப்ரெஷ் செய்வது முதல் வகை. செஷன் நிற்கும், நீங்கள் நிரப்பியதை அதுவே அழித்துவிடும். மவுஸை அசைத்துக்கொண்டே இருப்பது இரண்டாவது. அந்த அசைவு சர்வர்வரை போவதில்லை. மூன்றாவது உங்கள் ஐடி, பாஸ்வேர்டைக் கேட்கும், அல்லது பிரவுசரில் சேர்க்கும்போது "Read and change all your data on all websites" என்று அனுமதி கேட்கும். அதே பிரவுசரில் பேங்க் பக்கத்தையும் திறப்பீர்கள்தானே? இதில் ஒவ்வொன்றும் இலவசமாகவே கிடைக்கிறது, 1,500 ரூபாய் அவருக்கு. தொலைந்த என்ட்ரிகளை 'முழுமையற்றவை' என்று கணக்கெழுதிக் கூலியில் அபராதம் பிடிக்கும் ஏஜென்ட்டுகளும் உண்டு. தொலைந்த நேரம், என்ட்ரி எண், லாகின் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கம்பெனிக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். வெப்சைட் எல்லோருக்கும் வசதியாக இருக்க 2008இலேயே வந்த சர்வதேச வழிகாட்டி விதிகள் ஒன்றைச் சொல்கின்றன: நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரி, குறைந்தது 20 விநாடி கொடு, ஒரு பட்டனைத் தட்டி நீட்டிக்க விடு. ஒரு புரோகிராமருக்குப் பெரிய வேலை இல்லை. மெயிலில் இரண்டே கேள்வி: செஷன் கெடு எத்தனை நிமிடம்? பாதி என்ட்ரியின் வரைவு சர்வரில் சேமிக்கப்படுகிறதா?